எங்கள் தெருவையும் ஊருணி வரத்துக்காலையும் துப்புரவு செய்ய எப்படித் திட்டமிடுவது?

துப்புரவுப் பணி என்பது குப்பையை வாரிக் குவிப்பது மட்டுமன்று, அதை உரிய இடத்தில் ஒப்படைப்பது வரையிலான வேலை. கல்யாண வீட்டில் பந்திக்கு எத்தனை இலை என்று தெரிந்த பிறகே உலை வைப்பதைப் போல, குப்பை போகுமிடத்தை முடிவு செய்த பிறகே ஆள் திரட்ட வேண்டும். கரையில் விட்டுவைத்த மூட்டைகளை மாடும் நாயும் கிழித்துவிடும். ஐப்பசி மழை அவற்றை மறுபடி ஊருணிக்குள்ளேயே சேர்த்துவிடும்.

செட்டிநாட்டில் ஊருணி உள்ளாட்சியுடையதாகவும் இருக்கலாம், கோயிலுடையதாகவும் இருக்கலாம். ஆகவே உரியவர் யார் என்று முதலில் விசாரியுங்கள். கானாடுகாத்தான் போன்ற பேரூராட்சியில் செயல் அலுவலருக்கு எழுதும் கடிதத்தில் அனுமதியோடு, குப்பை வண்டி வரும் நேரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இருபது பேர் ஆளுக்கு மூன்று சாக்கு நிரப்பினால் அறுபது சாக்கு சேரும். சிறிய சரக்கு வண்டி நடைக்கு முப்பது ஏற்றுமென்றால் இரண்டு நடை தேவைப்படும். மண்வெட்டி, வாரியல், தடித்த கையுறை போதும். மக்குவதையும் மக்காததையும் எடுக்கும்போதே பிரியுங்கள், ஏனெனில் சேறு கலந்த பிளாஸ்டிக்கைப் பழைய பொருள் கடைக்காரர்கூட வாங்கமாட்டார். உடைந்த கண்ணாடியை அட்டைப்பெட்டியில் இடுங்கள். ஊசி கிடந்தால் தொடாமல் துப்புரவுப் பணியாளரிடம் காட்டுங்கள்.

மிஞ்சிய பிளாஸ்டிக்கை அங்கேயே கொளுத்தினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது தடைசெய்யப்பட்டது, நச்சுப்புகையும் சாம்பலும் அந்த ஊருணிக்கே திரும்பும்.