ஒரே எழுத்து, மூன்று சொதி

“உப்புவெளியில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக்கடை நடத்துகிறோம். இந்த சீசனுக்குப் பரிமாற நேபாளத் தம்பி ஒருவரும் ஜேர்மன் பிள்ளை ஒருவரும் இருக்கிறார்கள். மெனுவில் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் போட்டிருக்கிறோம். ஆனாலும் அவர்கள் சொல்வது குசினியில் இருப்பவர்களுக்கு விளங்கவில்லை. அது என்ன சாப்பாடு என்று வெள்ளைக்காரர் கேட்டால் இவர்கள் முழிக்கிறார்கள். எப்படிப் பழக்கலாம்?”

அந்த ஆங்கில எழுத்தை வைத்துப் பழக்குவதை முதலில் நிறுத்துங்கள். சொதியை எடுத்துக்கொள்வோம். எஸ், ஓ, டி, எச், ஐ என்று போட்டிருப்பீர்கள். நமக்கு டி-யும் எச்-சும் சேர்ந்தால் ‘த’. ஜேர்மன் மொழியில் அந்த இரண்டும் சேர்ந்தால் வெறும் ‘ட’ போலத்தான் ஒலிக்கும். சொல்லின் முதலில் வரும் எஸ்ஸை அவர்களில் பலர் வண்டு இரைவது போல இசட் ஒலியாகச் சொல்வார்கள். ஆகவே அந்தப் பிள்ளை இசட்டில் தொடங்கி ‘சோட்டி’ என்று வாசிப்பார். நேபாளத் தம்பிக்கு அதே டி-எச், மூச்சைத் தள்ளிச் சொல்லும் ‘த்ஹ’. சாப்பிட வந்த இங்கிலாந்துக்காரரோ ‘திங்க்’ என்ற சொல்லின் முதல் ஒலியைப் போட்டுச் சொல்வார். மூன்று பேரும் எழுத்தைச் சரியாகத்தான் வாசிக்கிறார்கள், மூன்றும் சொதி இல்லை.

அதனால் உச்சரிப்பு அட்டையை நீங்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது. நீங்கள் சொல்ல வேண்டும், அவர்கள் கேட்டுத் தங்கள் எழுத்தில், தங்கள் காதில் விழுந்தபடி எழுத வேண்டும். நேபாளத் தம்பி தேவநாகரியில் எழுதட்டும். அதில் ‘ட’வும் ‘த’வும் வேறு வேறு எழுத்து என்பதால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது. எழுதியதை மறுநாள் காலையில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தப்பாக வந்தால் அட்டையில் அந்த எழுத்தை மாற்றச் சொல்லுங்கள்.

ஒரு ஒலி பிடிபடவே இல்லையென்றால் அவருடைய மொழியிலேயே அது இருக்கும் சொல்லைத் தேட வேண்டும். ஜேர்மன் மொழியில் தண்ணீருக்கு ‘வாஸர்’ என்பார்கள். அதன் நடுவில் வரும் ‘ஸ’தான் சொதியின் முதல் ஒலி. அதை மட்டும் இழுத்துச் சொல்லவைத்து, அப்படியே ‘சொ’வுக்குக் கொண்டுவாருங்கள். சொதியின் ‘தி’ மெத்தென்று வருவது. நேபாளத்தில் தயிருக்குச் சொல்லும் ‘தஹி’யின் முதல் ஒலி அதற்குப் பக்கத்தில் நிற்கிறது, தம்பிக்கு அதைக் காட்டலாம். ஆங்கிலம் பேசுகிறவருக்கு ‘மதர்’ என்ற சொல்லின் நடு ஒலி போதும்.

அப்புறம் அடுத்த சிக்கல், இரட்டித்து வரும் மெய். அப்பம், பிட்டு, இடியப்பம், கத்தரிக்காய் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஜேர்மன்காரர் இரண்டு ‘ப’ எழுதியிருந்தால் முன் உயிரைக் குறுக்குவார், மெய்யை நிறுத்த மாட்டார். ‘அபம்’ என்றுதான் வரும். ‘அப்’ என்று உதட்டை மூடி, மேசையில் விரலால் ஒரு தட்டு தட்டி, பிறகு ‘பம்’ என்று திறக்கச் சொல்லுங்கள். நாலைந்து தரம் தட்டினால் பிடித்துக்கொள்வார். பிட்டில் இன்னொன்றும் இருக்கிறது. முதல் ‘பி’யில் அவர் மூச்சைத் தள்ளுவார், ‘ப்ஹிட்டு’ என்று கேட்கும். வாயின் முன்னால் ஒரு மெல்லிய கடதாசித் துண்டைத் தொங்கவிட்டுப் பிடியுங்கள். நீங்கள் சொன்னால் கடதாசி ஆடாது, அவர் சொன்னால் படபடக்கும். ஆடாமல் சொல்லும்வரை அவரே தனியாகப் பழகிக்கொள்ளலாம், பக்கத்தில் ஆள் வேண்டாம்.

நெடில் குறிலையும் விடக் கூடாது. பால் அப்பத்தைக் குறுக்கிச் சொன்னால் பல் அப்பம் ஆகிவிடும். ‘ழ’வில் மட்டும் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். கூழை நம் ஊரிலேயே பலர் ‘கூள்’ என்றுதான் சொல்கிறோம். அந்த ஒலிக்காக ஒரு பிள்ளையை அரை மணி நேரம் வதைப்பது எனக்குப் பிடிக்காத வேலை.

நேபாளத் தம்பியிடம் ஒரு சொல்லை முன்கூட்டியே தெளிவாக்கிவிடுங்கள். தயிரும் பாணியும் என்று நாம் சொல்லும்போது அவர் காதில் விழுவது ‘தயிரும் தண்ணீரும்’. நேபாளியில் ‘பானி’ என்றால் தண்ணீர். நான் பழக்கிய ஒரு பையன், கிண்ணியாத் தயிர்ச் சட்டியோடு ஒரு கிளாஸ் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நின்றான். அவனில் பிழை இல்லை, சொல்லிக்கொடுக்காதது நான். கித்துள் பாணிப் போத்தலைக் கையில் கொடுத்து, ஒரு கரண்டி சுவைக்கவைத்து, பெயரைச் சொல்லுங்கள். பிறகு மாறாது.

இனி விளக்கம். ‘இது சூப் மாதிரி’ என்று சொல்லவே விடாதீர்கள். அப்படிக் கேட்டவர் சொதியைக் கரண்டியால் குடித்து முடித்துவிட்டு, இடியப்பத்துக்கு ஊற்ற ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். எதில் செய்தது, எப்படிச் சாப்பிடுவது, எவ்வளவு உறைப்பு, உள்ளே தெரியாமல் என்ன இருக்கிறது என்ற நாலும் வர வேண்டும். சொதிக்கு இப்படிச் சொல்லலாம்: “தேங்காய்ப்பாலில் வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், வெந்தயம் போட்டுக் காய்ச்சி, இறக்கியபின் தேசிக்காய் விடுவது. இடியப்பத்தின் மேலே ஊற்றிக் கையால் பிசைந்து சாப்பிடுங்கள். உறைப்புக் குறைவு. இன்றைய சொதியில் மீன் இல்லை.”

கடைசி வசனத்தை அட்டையில் எழுதக் கூடாது, ஏனென்றால் அது நாளுக்கு நாள் மாறும். ஒருநாள் மீன் சொதி வைப்பீர்கள். சம்பலுக்கு ஒருநாள் மாசி போடுவீர்கள், மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவருக்கு அது பெரிய விஷயம். பிட்டும் இடியப்பமும் அரிசி மா என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம், ஆனால் பல குசினிகளில் அவித்த கோதுமை மாவும் கலக்கிறார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருவர் கேட்டால் பதில் சரியாக இருக்க வேண்டும். ஆகவே மாலையில் கடை திறக்க முதல், இன்று என்ன மா, மாசி உண்டா, எதில் மீன் என்று சமைக்கிறவரிடம் கேட்டு வர வேண்டியது பரிமாறுகிறவரின் வேலை. அந்தக் கேள்வியைத் தமிழிலேயே கேட்கப் பழக்குங்கள்: “அக்கா, இண்டைக்கு என்ன மா?”

வெள்ளைக்காரரில் பலருக்கு ‘ஸ்ட்ரிங் ஹாப்பர்ஸ்’ என்ற பெயர் வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்தே தெரியும். முதலில் இடியப்பம் என்று சொல்லி, உடனே அந்தப் பெயரையும் சேர்த்துச் சொன்னால் அவர் தலையாட்டுவார், பெயரும் மனதில் நிற்கும்.

ஒரு நாளைக்கு மூன்று பெயர்களுக்கு மேல் வேண்டாம். உங்கள் குரலில் ஒவ்வொன்றையும் மெதுவாக ஒரு தரம், கடையில் சொல்லும் வேகத்தில் ஒரு தரம் போனில் பதிந்து அனுப்புங்கள். பழகிவிட்டார்களா என்று பார்க்க, சமைக்கிறவரை அடுப்புப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, பிள்ளைகள் கையைக் காட்டாமல் பெயரை மட்டும் சொல்லட்டும். சரியான தட்டு வெளியே வந்தால் அந்தப் பெயரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.