அரையாண்டுத் தேர்வு வாரத்தில் டியூஷன் நாளை மாற்றச் சொல்லி மிஸ்ஸுக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கு மிஸ் வீட்டில் புதன்தோறும் மாலை 6 மணிக்குத் தனி டியூஷன். அரையாண்டில் வியாழன் இயற்பியல், அடுத்த திங்கள் கணக்கு. புதன் வகுப்பை மாற்றிக் கேட்க வேண்டும். மிஸ் தப்பாக நினைக்காதபடி வாட்ஸ்அப்பில் என்ன எழுதுவது?

பதில்: வீட்டில் கணக்கு டியூஷன் எடுப்பவள் நான். செப்டம்பரிலும் டிசம்பரிலும் இந்த மாதிரிச் செய்திகள் எனக்கு வந்துகொண்டே இருக்கும். நாளை மாற்றிக் கேட்பதை எந்த மிஸ்ஸும் தப்பாக நினைப்பதில்லை. புதன் மதியம் நான்கு மணிக்கு "மிஸ் நாளைக்கு எக்ஸாம், இன்னைக்கு வரல" என்று வருவதுதான் சங்கடம். அந்த ஒரு மணி நேரத்தை அதற்குள் வேறு பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. வகுப்பை ரத்து செய்கிறாயா, வேறு நாள் கேட்கிறாயா என்றும் அதில் புரியாது.

அதனால் பள்ளியில் கால அட்டவணை கையில் கிடைத்த அன்றே எழுதிவிடு. உனக்குத் தேர்வு என்றால் மிஸ்ஸிடம் படிக்கும் மற்றவர்களுக்கும் தேர்வுதான். எல்லோரும் சனி, ஞாயிறைத்தான் கேட்பார்கள். முதலில் கேட்பவருக்கு இடம் கிடைக்கும்.

எந்த நாளைக் கேட்பது என்பதைக் கொஞ்சம் யோசி. வியாழன் இயற்பியல் முடிந்த மாலையே போனால் களைப்பில் ஒன்றும் ஏறாது. ஞாயிறு மாலை போனால், அங்கே தெரியவரும் ஓட்டைகளை அடைக்க ஓர் இரவுதான் மிச்சம். சனிக்கிழமை காலைதான் உனக்குச் சரி. வெள்ளிக்கிழமை நீயே போட்டுப் பார்த்து, நிற்கிற கணக்குகளைக் குறித்து எடுத்துப் போகலாம். சொல்லித் தந்ததைத் திரும்பப் போட்டுப் பார்க்க ஞாயிறு முழுக்க இருக்கும். சனி காலை மிஸ்ஸுக்குத் தோதுப்படாவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு நேரமும் சேர்த்துக் கொடு. "எப்ப வேணும்னாலும் ஓகே மிஸ்" என்பது பணிவாகத் தெரியும், ஆனால் உன் தேர்வு நாட்களைப் பார்த்துத் தேடிப் பிடிக்கும் வேலை மிஸ் தலையில் விழும்.

நான் உன் இடத்தில் இருந்தால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் மிஸ். அரையாண்டு டைம்டேபிள் வந்துடுச்சு, போட்டோ அனுப்பியிருக்கேன். டிசம்பர் 18 வியாழன் பிசிக்ஸ், 22 திங்கள் மேத்ஸ். அதனால 17 புதன் மாலை 6 மணி கிளாஸை மட்டும் 20 சனி காலை 10 மணிக்கு மாத்தித் தர முடியுமா மிஸ்? அது முடியலைன்னா 19 வெள்ளி மாலை 5 மணிக்கு வர்றேன். வெக்டர்லயும் பகுமுறை வடிவியல்லயும் 5 மார்க் கணக்கு சிலது நிக்குது, அதை மட்டும் கேட்டுக்கறேன். 24 புதன்ல இருந்து வழக்கம்போல வந்துடறேன். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

தேதியும் கிழமையும் சேர்ந்தே வர வேண்டும். "அடுத்த புதன்" என்று மட்டும் எழுதினால் நீ ஒரு புதனையும் மிஸ் வேறொரு புதனையும் நினைப்பீர்கள். "மட்டும்" என்ற சொல் இருந்தால்தான் அந்த ஒரு வகுப்புக்குத்தான் மாற்றம் என்பது தெளிவாகும். எந்தக் கணக்கு என்று சொல்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும், முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பேன். 90 மதிப்பெண் தாளில் 35 மதிப்பெண் ஐந்து மார்க் கணக்குகளுக்கு என்பதால் அந்த ஒரு மணி நேரத்தை அங்கே செலவிடுவது நியாயம். வாய்ஸ் நோட் வேண்டாம், தேதியைத் திரும்பப் பார்க்க மறுபடி முழுக்கக் கேட்க வேண்டியிருக்கும்.

மிஸ் "சரி" என்று சொல்லும்வரை புதன் வகுப்பு அப்படியேதான் இருக்கிறது. மறுநாள் மாலைவரை பதில் இல்லையென்றால் ஒரு முறை போன் செய். ஒத்துக்கொண்டதும் "சரி மிஸ், 20 சனி காலை 10 மணி, 17 புதன் கிளாஸ் இல்லை" என்று ஒரு வரி போட்டுவிடு. இரண்டு நேரமும் முடியாது என்றால் வற்புறுத்தாதே. அரையாண்டு விடுமுறையில் ஈடு செய்யலாமா என்று கேள். மாதக் கட்டணம் வாங்குபவர்கள் பெரும்பாலும் இதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

டிசம்பர் மழையையும் மனதில் வை. மழை விடுமுறையால் இயற்பியல் தேர்வு சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனால், பள்ளி குரூப்பில் தகவல் வந்த உடனே மிஸ்ஸுக்கும் அனுப்பு. அதோடு, வியாழன் மாலைக்கு வரலாமா என்றும் கேட்டுவிடு.