வங்கியிலிருந்து ஃபெண்டுங் கடிதம் வந்தால் முதலில் எதைப் பார்ப்பது

"அண்ணை, நான் ஜேர்மனிக்கு வந்து ஒன்றரை வருசம். நாலு மாதத்துக்கு முந்தி ஸ்டுட்கார்ட்டிலிருந்து டோர்ட்முண்ட் மாறினனான். நேற்று வங்கியிலிருந்து கணக்கு 'ஃபெண்டுங்' எண்டு கடிதம், 542 யூரோவாம். கணக்கில 1,130 யூரோ கிடக்கு, எடுக்க ஏலாமல் இருக்கு. ஆர் இதைச் செய்தது, உண்மையான கடிதமா எண்டும் தெரியேல்ல. என்ன செய்ய?"

தம்பி, ஃபெண்டுங் என்றால் கடனுக்காகக் கணக்கை முடக்குவது. காசு உண்மையாகவே எடுக்க முடியாமல் இருக்கிறது என்பதால் இது வெறும் மிரட்டல் கடிதம் இல்லை. இன்காசோ நிறுவனங்கள், அதாவது கடன் வசூலிப்பவர்கள், "உங்கள் கணக்கை முடக்கப் போகிறோம்" என்று சிவப்பு எழுத்தில் அனுப்புவார்கள். அவர்களால் தாமாக எதையும் முடக்க முடியாது. நீதிமன்றம் வழியாகப் பெற்ற ஆவணம் ஒன்று கையில் வேண்டும். இந்த மிரட்டலைப் போலிக் கடிதக்காரரும் பயன்படுத்துகிறார்கள். கணக்கு வழமைபோல வேலை செய்துகொண்டிருக்க, வெளிநாட்டு ஐபான் இலக்கத்துக்குக் காசு போடச் சொல்லி ஒரு கடிதம் வந்தால் போடாதீர்கள்.

இன்னொன்றையும் முதலில் விலக்கிவிடுங்கள். வங்கியே சில வேளை கணக்கைப் பூட்டும்: வதிவிட அனுமதி அட்டை காலாவதி, அடையாளச் சரிபார்ப்பு, சந்தேகப் பரிமாற்றம் போன்ற காரணங்களுக்காக. அந்தக் கடிதத்தில் கடன் கொடுத்தவர் பெயரும் இராது, தொகையும் இராது. உங்களுடையதில் 542 என்று தொகை இருப்பதால் அது அல்ல. (மாணவர் விசாவுக்குத் திறக்கும் 'ஷ்பேர்கொன்டோ'வுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெயர் குழப்பி வங்கியில் போய்க் கேட்டால் ஆளை அலைக்கழிப்பார்கள்.)

இனி அனுப்பியவர் யார் என்று பாருங்கள். வங்கி அனுப்புவது பெரும்பாலும் ஒரு பக்கச் சுருக்கம்தான். அதில் மூன்று விசயங்களைத் தேடுங்கள்: 'கிளொய்பிகர்' என்ற இடத்தில் உள்ள பெயர், 'ஆக்டென்ட்சைஹன்' என்ற கோப்பு இலக்கம், கட்டளை வங்கியிடம் ஒப்படைக்கப்பட்ட தேதி. கிளொய்பிகர் என்றால் கடன் கொடுத்தவர். இன்காசோவின் பெயரோ சட்டத்தரணியின் பெயரோ அதன் கீழே பிரதிநிதியாக வரும். நீங்கள் கடன்பட்டது அவர்களிடம் அல்ல.

தனியார் கடன் என்றால் கட்டளையை இடுவது அம்ட்ஸ்கெரிஹ்ட் என்ற உள்ளூர் நீதிமன்றம். கோப்பு இலக்கத்தின் நடுவில் எம் என்ற எழுத்து வரும், '31 எம் 1234/25' என்ற மாதிரி. நீங்கள் வசிக்கும் இடத்தின் நீதிமன்றமே இதற்குப் பொறுப்பு, ஆகவே உங்களுக்கு டோர்ட்முண்ட் அம்ட்ஸ்கெரிஹ்ட் வர வேண்டும். கடிதத்தில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்காமல், `justizadressen.nrw.de` என்ற தளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டு நீதிமன்றத்தின் இலக்கத்தை நீங்களே எடுங்கள். கோப்பு இலக்கத்தைச் சொன்னால் அப்படி ஒரு கோப்பு இருக்கிறதா என்று சொல்லுவார்கள். நீங்கள் வழக்கின் ஒரு தரப்பு. நேரில் போய்க் கோப்பைப் பார்க்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

அரச கடன் என்றால் நீதிமன்றமே வராது. வரித் திணைக்களமும் நகரசபையின் காசாளர் பிரிவும் தாங்களே கட்டளை எழுதி வங்கிக்கு அனுப்பலாம். 'ஹௌப்ட்ட்சோலாம்ட்' என்று சுங்கத் திணைக்களத்தின் பெயரைப் பார்த்து, "நான் ஒன்றும் கடத்தவில்லையே" என்று பலர் திகைப்பதுண்டு. மருத்துவக் காப்புறுதி நிலுவையையும் வேலைவாய்ப்புத் திணைக்களம் திருப்பிக் கேட்கும் காசையும் வசூலிப்பது சுங்கத்தின் வேலைகளில் ஒன்று. ஆகவே அந்தப் பெயரைப் பார்த்துப் போலி என்று எறிந்துவிடாதீர்கள்.

கணக்கு முடங்கிய பிறகுதான் கடிதம் வருகிறதே என்று கோபப்படுவது நியாயம்தான், ஆனால் சட்டமே அப்படி. உங்களை முன்கூட்டிக் கேட்டால் காசை எடுத்துவிடுவீர்கள் என்பதால், கட்டளையை முதலில் வங்கியிடம் ஒப்படைத்துவிட்டுப் பிறகுதான் உங்களுக்குப் பிரதி வரும், பெரும்பாலும் மஞ்சள் உறையில். தபால்பெட்டியில் உங்கள் பெயர் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பிரதியில்தான் முழு விபரமும் இருக்கும்.

பிரதி வந்ததும் தொகையைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் 542 யூரோ ஏறக்குறைய இப்படிப் பிரியலாம்: மூலக் கடன் 318.40, வட்டி 24.10, முந்தைய நீதிமன்ற, வசூல் செலவு 112.30, இந்த முடக்கத்துக்கான செலவு 87.20. மூலக் கடனுக்குப் பக்கத்தில் 'டீட்டல்' என்ற தலைப்பில், வசூலுக்கு உரிமை தரும் அந்த ஆவணம் எந்த நீதிமன்றத்தினது, எந்தத் தேதியினது என்று இருக்கும். அதில் ஸ்டுட்கார்ட் அம்ட்ஸ்கெரிஹ்ட் என்று இருந்தால் பயப்படாதீர்கள். கடனைத் திருப்பிக் கேட்டவர் இருக்கும் மாநிலத்தின் மையக் கடன்கோரல் நீதிமன்றம்தான் அந்த ஆவணத்தைக் கொடுக்கும். பாடன்-வூர்ட்டெம்பேர்க்குக்கு அது ஸ்டுட்கார்ட். பழைய வீட்டின் மின்கட்டண இறுதிக் கணக்கு, நிறுத்தாத உடற்பயிற்சிக்கூட ஒப்பந்தம் போன்றவை இப்படித்தான் திரும்பி வரும்: பில் பழைய விலாசத்துக்குப் போகும், நினைவூட்டலும் போகும், நீதிமன்றக் கடிதமும் அங்கேயே போகும்.

பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எங்கள் ஆட்களுக்கு இது சும்மா வேலை அல்ல. தகப்பன் பெயர் ஒரு பத்திரத்தில் குடும்பப் பெயராகவும் இன்னொன்றில் முதற்பெயராகவும் ஏறியிருக்கும். ஒரே நகரத்தில் அதே பெயரோடு இன்னொருவர் இருப்பார். பிறந்த தேதி ஒத்துவராவிட்டால் கடவுச்சீட்டுப் பிரதியோடு வங்கிக்கும் கடன் கொடுத்தவருக்கும் அன்றைக்கே எழுதுங்கள். திருத்தாவிட்டால் அம்ட்ஸ்கெரிஹ்டில் 'எரினருங்' என்ற ஆட்சேபணை போடலாம்.

முடக்கம் அந்தத் தொகை வரைக்கும்தான் செல்லும். உங்கள் 1,130 யூரோவில் 542 போக மீதி 588 உங்களுடையது. ஆனால் பல வங்கிகளின் கணினி முறை முழுக் கணக்கையும் இணையத்தில் பூட்டிவிடும். கிளைக்குப் போய், "மீதித் தொகையில் வாடகையை அனுப்பித் தாருங்கள்" என்று கேளுங்கள். வட்டி நாளுக்கு நாள் ஓடுவதால் சில யூரோ கூடுதலாகப் பிடித்து வைத்திருப்பார்கள், அது வழமை. மனைவியோடு கூட்டுக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு முழுக் கணக்கும் மாட்டும். ஒரு மாதத்துக்குள் தத்தம் பங்கைத் தனிக் கணக்குக்கு மாற்றக் கேட்கும் உரிமை உண்டு.

அந்த ஒரு மாதந்தான் இதில் முக்கியமான காலம். கட்டளை வங்கியிடம் சேர்ந்த தேதியிலிருந்து ஒரு மாதம் வரை வங்கி காசைக் கடன் கொடுத்தவருக்கு அனுப்பக்கூடாது. ஒக்டோபர் 6 என்றால் நவம்பர் 6 வரை. கடிதம் உங்கள் கைக்கு வந்த தேதியை வைத்து எண்ணினால் காலத்தைத் தவறவிடுவீர்கள்.

கடன் சரியானது, காசும் இருக்கிறது என்றால் கட்டி முடியுங்கள். இவ்வளவு சிறிய தொகைக்கு அதுதான் என் எண்ணம். கட்டுவதற்கு இரண்டு வழி. ஒன்று, முடக்கிய காசையே மாதம் முடியக் காத்திராமல் அனுப்பும்படி வங்கிக்கு எழுத்தில் சொல்வது. பல வங்கிகள் செய்யும். முழுத் தொகையும் போனதும் முடக்கம் தானாக முடியும். மற்றது, வேறிடத்திலிருந்து நேராகக் கடன் கொடுத்தவருக்குக் கட்டுவது. இதில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். காசு போய்ச் சேர்ந்ததை வங்கி அறியாது. நீங்கள் பற்றுச்சீட்டைக் காட்டினாலும் வங்கி திறக்காது. கடன் கொடுத்தவரே முடக்கத்தைக் கைவிடுவதாக வங்கிக்கு எழுத வேண்டும். ஆகவே கட்டுமுன், கட்டும் தேதி வரைக்கும் கணக்கிட்ட தொகையை எழுத்தில் கேளுங்கள். 542 என்று பழைய தொகையைக் கட்டி, மூன்று யூரோ வட்டி மீதியிருப்பதால் முடக்கம் நிற்பது அடிக்கடி நடக்கிறது. கோப்பு இலக்கத்தைக் குறிப்பில் போட்டு அனுப்பிவிட்டு, விடுவிப்புக் கடிதத்தை வங்கிக்கு அனுப்பி உங்களுக்கும் பிரதி தரச் சொல்லுங்கள். தவணைக்கு இணங்கி "முடக்கம் நிறுத்திவைக்கப்படுகிறது" என்று மட்டும் எழுதினால் சில வங்கிகள் ஏற்காது. எந்த வாசகத்தை ஏற்பீர்கள் என்று வங்கியிடம் முதலே கேளுங்கள். அரச அலுவலகம் என்றால் கட்டளையை இட்ட அதே அலுவலகந்தான் நீக்கக் கட்டளையும் அனுப்ப வேண்டும்.

காசு இல்லை, அல்லது கடனை ஏற்கவில்லை என்றால் அந்த ஒரு மாதத்துக்குள் கணக்கைப் 'பி-கொன்டோ'வாக, அதாவது மாதம் ஒரு தொகை முடக்கத்திலிருந்து காக்கப்படும் கணக்காக, மாற்றக் கேளுங்கள். வங்கி மறுக்க முடியாது. நீங்கள் கேட்ட பின் வரும் நாலாவது வேலைநாளின் தொடக்கத்தில் மாறியிருக்க வேண்டும். மாதத்துக்குள் மாறினால் முடக்கம் வந்த நாளிலிருந்தே பாதுகாப்புக் கிடைக்கும். 2025 ஜூலை 1 முதல் தனியாளுக்கு மாதம் 1,560 யூரோ கைவைக்க முடியாதது; இத்தொகை ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1இல் மாறும். மனைவி, பிள்ளைகளைப் பராமரித்தால் கூடும், ஆனால் தானாகக் கூடாது. வேலை கொடுப்பவர், குடும்பக் கொடுப்பனவு அலுவலகம், ஷுல்ட்னர்பெராடுங் என்ற கடன் ஆலோசனை நிலையம் ஆகியவற்றில் ஒன்றின் சான்றிதழை வங்கியில் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு பி-கொன்டோதான். மாறிய பிறகு கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்க விடமாட்டார்கள்.

பி-கொன்டோ வாடகையைக் காப்பாற்றும், கடனை அழிக்காது. நீதிமன்ற ஆவணம் நீங்கள் விட்டுப் போன வீட்டின் தபால்பெட்டியில் போடப்பட்டிருந்தால் அது முறைப்படி ஒப்படைத்ததாகாது. இரண்டு கிழமை ஆட்சேபணைக் காலமும் அதனால் ஓடத் தொடங்கியிராது. நகரசபை கொடுத்த விலாசப் பதிவுப் பத்திரத்தில் நீங்கள் குடிபெயர்ந்த தேதி இருக்கிறதல்லவா, அதுதான் சான்று. டீட்டல் கொடுத்த ஸ்டுட்கார்ட் நீதிமன்றத்துக்கு ஆட்சேபணையும், வசூலை நிறுத்திவைக்கும் விண்ணப்பமும் சேர்த்துப் போக வேண்டும். டோர்ட்முண்ட் அம்ட்ஸ்கெரிஹ்டில் விண்ணப்பம் எழுதித் தரும் பிரிவு இருக்கிறது. வருமானம் குறைவென்றால் சட்ட ஆலோசனைச் சீட்டும் அங்கேயே எடுக்கலாம், அதோடு சட்டத்தரணியிடம் போனால் நீங்கள் கட்டுவது 15 யூரோ.

கட்டி முடித்தால் கடைசியாக ஒரு காகிதம் பாக்கி இருக்கும். அந்த டீட்டல் 30 வருசம் செல்லும். முழுக்கக் கட்டியதும் அதன் மூலப் பிரதியை ரத்துக் குறிப்போடு திருப்பித் தரும்படி கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் கேளுங்கள்.