லேகிங் இழையும் லிகேஸும்: கேள்வி பதில்

அக்கா, பாதி பழையன காத்தல்னா ஒரு மகள் செல்லுக்குப் பழைய டி.என்.ஏ., இன்னொன்றுக்குப் புதுசு, அதானே? (பன்னிரண்டாம் வகுப்பு)

இல்லைம்மா, நீ சொல்வது வேறொரு கருதுகோள், அதைச் சோதித்துத் தள்ளிவிட்டார்கள். 1958-இல் மெசல்சனும் ஸ்டாலும் ஈ.கோலை பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜன்-15 உள்ள ஊடகத்தில் பல தலைமுறை வளர்த்துவிட்டு, சாதாரண நைட்ரஜன்-14 ஊடகத்துக்கு மாற்றினார்கள். ஒரு தலைமுறை கழித்து டி.என்.ஏ.வை எடுத்து சீசியம் குளோரைடு கரைசலில் வேகமாகச் சுழற்றிப் பார்த்தால், நீ சொல்வது சரி என்றால் கனமாக ஒரு பட்டை, லேசாக ஒரு பட்டை என்று இரண்டு தெரிய வேண்டும். தெரிந்தது ஒரே பட்டை, அதுவும் நடுவில். அதாவது ஒவ்வொரு இரட்டைச் சுருளிலும் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது. "பாதி" என்பது செல்களைப் பிரிப்பது அல்ல, சுருளுக்குள்ளேயே இழைகளைப் பிரிப்பது. தேர்வில் இந்த நடுப்பட்டையை வரைந்து காட்டினாலே போதும்.

ஹெலிகேஸ் இரண்டு இழைகளையும் வெட்டித் திறந்துவிடுகிறதே, அப்புறம் ஏன் ஒன்றை மட்டும் துண்டு துண்டாக எழுத வேண்டும்? இரண்டையும் நேராக எழுதும் ஒரு நொதி இருந்தால் என்ன?

முதலில் ஒரு திருத்தம், ஹெலிகேஸ் வெட்டாது. எதிரெதிர் காரங்களுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளைப் பிரிக்கும், அவ்வளவுதான். இழையின் முதுகெலும்பு முழுசாகவே இருக்கும்.

கேள்வியின் இரண்டாம் பாதி நல்ல கேள்வி. டி.என்.ஏ. பாலிமரேஸ் இழையின் 3' முனையில் மட்டுமே அடுத்த நியூக்ளியோடைடை ஒட்டும். இரண்டு பழைய இழைகளும் எதிரெதிர் திசையில் ஓடுவதால், இழைகள் பிரியும் இடமான கவட்டை திறக்கும் பக்கமாக ஒரு பாலிமரேஸ் நிற்காமல் போகலாம், அதுதான் லீடிங் இழை. இன்னொன்று கவட்டையை விட்டு விலகித்தான் எழுத முடியும், அதுதான் லேகிங் இழை. எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் புதிதாக இடம் திறந்துகொண்டே போகும், அங்கே போய் மறுபடி தொடங்க வேண்டும்.

எதிர்த் திசையில் எழுதும் நொதி ஏன் இல்லை என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் பிழை திருத்தம் சார்ந்தது. உள்ளே வரும் நியூக்ளியோடைடு மூன்று பாஸ்பேட்டோடு வருகிறது, ஒட்டுவதற்கான ஆற்றல் அதில்தான் இருக்கிறது. தவறான ஒன்று ஒட்டிக்கொண்டால் பாலிமரேஸ் அதை வெட்டி எறிந்துவிட்டு, அடுத்து வருவதன் ஆற்றலை வைத்துத் தொடரும். எதிர்த் திசையில் வளர்ந்தால் அந்த மூன்று பாஸ்பேட் வளரும் இழையின் முனையில் இருந்தாக வேண்டும், தவறானதை வெட்டியதும் அது போய்விடும், இழை அங்கேயே நின்றுவிடும். இதற்காகத்தான் இப்படி அமைந்தது என்று நிரூபிக்க முடியாது, ஆனால் கணக்கு ஒத்துப்போகிறது.

பிரைமரை எடுத்த பிறகு வரும் இடைவெளியை லிகேஸ் நிரப்பி ஒட்டிவிடும். இப்படித்தான் எழுதினேன், அரை மதிப்பெண் குறைத்துவிட்டார்கள்.

குறைத்தது சரிதான். லிகேஸ் எதையும் நிரப்பாது. பாலிமரேஸால் வெறுமனே தொடங்க முடியாது என்பதால் பிரைமேஸ் பிரைமர் என்ற ஒரு சின்ன ஆர்.என்.ஏ. துண்டை வைக்கிறது, ஈ.கோலையில் ஏறக்குறைய 10 நியூக்ளியோடைடு நீளம். பின்னால் டி.என்.ஏ. பாலிமரேஸ் I வந்து ஒரு பக்கம் அந்த ஆர்.என்.ஏ.வைக் கடித்துக்கொண்டே இன்னொரு பக்கம் டி.என்.ஏ.வை நிரப்பிக்கொண்டே போகும். அது முடிந்ததும் எந்த எழுத்தும் குறையாது, ஆனால் ஒரே ஓர் இடத்தில் முதுகெலும்பில் பிணைப்பு இருக்காது. ஒரு பக்கம் 3' ஹைட்ராக்சில், எதிரே 5' பாஸ்பேட், நடுவே வெறும் கீறல். அந்த ஒரு பிணைப்பைப் போடுவதுதான் லிகேஸின் வேலை. 5' பக்கத்தில் பாஸ்பேட் இருந்தே ஆக வேண்டும், இதை அடுத்தவருக்காகவும் சொல்லி வைக்கிறேன்.

நான் ஆய்வு மாணவன். பி.சி.ஆர். துண்டை மழுங்கிய முனையோடு பிளாஸ்மிடில் ஒட்டுகிறேன். மூன்று முறையும் காலனியே வரவில்லை. பிளாஸ்மிட் தனக்குத்தானே மூடிவிடக் கூடாதென்று பாஸ்பேட்டை நீக்கிவிட்டேன். புது லிகேஸ் வாங்கியும் அதே கதை. கேள்வி பிரைமர் பற்றியது இல்லை, மன்னிக்கவும்.

பிரைமர் பற்றியதுதான் தம்பி! நீங்கள் செயற்கையாகச் செய்து வாங்கும் டி.என்.ஏ. பிரைமர்களில், தனியாகக் கேட்டு வாங்கினால் ஒழிய, 5' முனையில் பாஸ்பேட் இருக்காது. அந்த முனைதான் பி.சி.ஆர். துண்டின் முனையும். பிளாஸ்மிடிலும் நீங்களே நீக்கிவிட்டீர்கள். ஆக நான்கு சந்திப்புகளில் ஒன்றில்கூட பாஸ்பேட் இல்லை, உலகத்திலேயே நல்ல லிகேஸும் என்ன செய்யும்? துண்டை T4 பாலிநியூக்ளியோடைடு கைனேஸோடும் ஏ.டி.பி.யோடும் வைத்து பாஸ்பேட் ஏற்றுங்கள், அல்லது பாஸ்பேட் உள்ள பிரைமர் கேளுங்கள். பிளாஸ்மிட் பக்கம் இல்லாமல் துண்டில் மட்டும் இருந்தாலே போதும், மீதிக் கீறலைச் செல் உள்ளே போய்ச் சரிசெய்துகொள்ளும். பஃபரையும் பாருங்கள்: T4 லிகேஸுக்கு ஏ.டி.பி. வேண்டும், உறைய வைத்து உருக்கி உருக்கி எடுத்தால் அது சிதைந்துவிடும். எனக்கே ஒரு மாதம் அப்படிப் போயிருக்கிறது. ஈ.கோலையின் சொந்த லிகேஸ் ஏ.டி.பி.யை அல்ல, என்.ஏ.டி.யைப் பயன்படுத்தும், பஃபரை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

லேகிங் இழையின் துண்டுகள் உண்மையிலேயே இருக்கின்றன என்று யார் பார்த்தார்கள்? எத்தனை இருக்கும்?

ரெய்ஜி ஒகசாகி, சுனெகோ ஒகசாகி தம்பதியும் அவர்களது குழுவும், 1960-களின் கடைசியில், ஜப்பானின் நகோயாவில். பாக்டீரியாவுக்குக் கதிரியக்க தைமிடினைச் சில நொடிகள் மட்டும் கொடுத்து, உடனே நிறுத்தி, காரத்தன்மையுள்ள சுக்ரோஸ் சரிவில் சுழற்றினார்கள். காரத்தில் இழைகள் பிரிந்துவிடுவதால் ஒவ்வொன்றின் நீளமும் தனியாகத் தெரியும். சில நொடிக் கதிரியக்கம் குட்டைத் துண்டுகளில் இருந்தது, இன்னும் கொஞ்சம் நேரம் விட்டுப் பார்த்தால் நீள இழைக்குப் போய்விட்டது. அதற்கு மேல் ஓர் அழகான சோதனை: சூடேற்றினால் லிகேஸ் செயலிழக்கும் T4 ஃபேஜ் வகையில் குட்டைத் துண்டுகள் இணையாமல் அப்படியே குவிந்தன.

எண்ணிக்கையை நாமே போடலாம். ஈ.கோலை குரோமோசோம் சுமார் 46 லட்சம் கார இணை, இரண்டு கவட்டைகள், ஆளுக்கு 23 லட்சம். கவட்டை நொடிக்குச் சுமார் 1000 வேகத்தில் போனால் 2300 நொடி, ஏறக்குறைய 40 நிமிடம். பாக்டீரியாவில் துண்டு 1000 முதல் 2000 வரை நீளம், ஆக ஒவ்வொரு கவட்டையிலும் ஒன்று இரண்டு நொடிக்கு ஒரு புதுப் பிரைமர், மொத்தம் 2300-இலிருந்து 4600 துண்டுகள். நம் செல்களில் துண்டு 100 முதல் 200 வரைதான், கணக்கு இன்னும் எகிறும்.

ஒகசாகியின் சோதனையில் கதிரியக்கம் ஏறக்குறைய எல்லாமே குட்டைத் துண்டில்தானே இருந்தது? லீடிங் இழை தொடர்ச்சி என்றால் பாதிதானே இருக்க வேண்டும்?

நீங்கள் மூலத்தைப் படித்தவர் என்று தெரிகிறது. ஒரு பகுதி விளக்கம் 1970-களில் வந்தது: தைமினுக்குப் பதில் அவ்வப்போது யுராசில் நுழைந்துவிடும், பழுதுநீக்கும் நொதி அதை எடுக்கும்போது இழை அங்கே உடைந்து, தொடர்ச்சியாக எழுதியதும் துண்டாகத் தெரியும். தூய்மையாக்கிய புரதங்களைக் கொண்டு குழாயில் செய்தால் லீடிங் இழை நீளமாகத்தான் வருகிறது. ஆனால் செல்லுக்குள் யுராசில் மட்டுமே முழுக் காரணம் என்று எல்லோரும் ஏற்கவில்லை. அச்சு இழையில் சேதம் இருந்தால் அதைத் தாண்டி லீடிங் பக்கத்திலும் புதுப் பிரைமர் வைத்துத் தொடங்க முடியும் என்பது தெரியும், சேதமில்லாத செல்லில் அது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதில்தான் இன்னும் வாதம். நான் தொடர்ச்சி என்ற பக்கம்தான் சாய்கிறேன், நீங்கள்?