ஆறு சப்ளையர்களுக்கு வார டூட்டி போடும் முறை

கேள்வி: சின்ன டிபன் ஹோட்டல், சப்ளையர் ஆறு பேர். கூட்ட நேரத்தில் ஆள் பத்தவில்லை, யாராவது திடீர் லீவு போட்டால் சண்டை வருகிறது. எல்லோருக்கும் நியாயமாக டூட்டி போடுவது எப்படி?

எங்கள் கடையிலும் ஆறு பேர்தான். காலை 7.30 முதல் 10 வரை, இரவு 7 முதல் 9.30 வரை மூச்சுவிட நேரமிருக்காது. நடுவில் காபி, வடையோடு சரி. அதனால் டூட்டியை மூன்றாகப் பிரித்தேன். காலை டூட்டி 6.30 முதல் 2.30 வரை, மாலை டூட்டி 2.30 முதல் 10.30 வரை. பிரேக் டூட்டிக்காரர் 7 முதல் 11 வரை வேலை பார்த்துவிட்டுப் போய், 6.30க்குத் திரும்பி 10.30 வரை இருப்பார். எதுவானாலும் எட்டு மணி நேரம். ஆறு நாளைக்கு 48.

திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து பேர் இருப்பார்கள். காலைக்கு இருவர், மாலைக்கு இருவர், பிரேக்கில் ஒருவர் என்றால் இரண்டு நெருக்கடியிலும் மூன்று பேர் நிற்பார்கள். சனிக்கிழமை ஆறு பேரும் வருவதால் இரண்டிரண்டாகப் பிரித்தால் நான்கு பேர். ஞாயிறு ஐந்து பேர்தான். அன்று மூவரை பிரேக்கில் போட்டு, காலைக்கும் மாலைக்கும் ஒவ்வொருவரை வைத்தால் அதே நான்கு கிடைக்கும்.

வார லீவு சனி தவிர ஆறு நாளும் ஆளுக்கு ஒன்று. ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் தள்ளிப்போகும்: இந்த வாரம் திங்கள் எடுத்தவருக்கு அடுத்த வாரம் செவ்வாய், வெள்ளிக்குப் பிறகு ஞாயிறு. ஞாயிறு எடுத்தவருக்கு மறுநாள் திங்களே அடுத்த வார லீவு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் சேர்ந்து வருவதால் ஊருக்குப் போய்வர முடிகிறது. ஆனால் வெள்ளியிலிருந்து ஞாயிறுக்குத் தாண்டும் ஆள் தொடர்ந்து எட்டு நாள் நிற்க வேண்டியிருக்கும். அந்த எட்டு நாளும் அவருக்கு முடிந்தவரை பிரேக் போடாதீர்கள்.

சண்டையெல்லாம் பிரேக் டூட்டியில்தான். காலையிலும் போய், இரவிலும் போய், அன்றைய பொழுதே போய்விடுகிறது. மேலே சொன்ன கணக்கில் வாரத்துக்குப் பத்து பிரேக் வரும், ஆறு பேருக்குச் சமமாகப் பிரியாது. எனவே கல்லாவில் ஒரு நோட்டு வைத்து, யாருக்கு எத்தனை என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். குறைவாகச் செய்தவருக்கே அடுத்தது. முன்பு நானே மனதில் வைத்துப் போட்டபோது, மறுப்பு சொல்லத் தெரியாத புதுப் பையன் தலையிலேயே விழுந்துகொண்டிருந்தது. நோட்டைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் அது எனக்கே உறைத்தது.

திடீர் லீவுக்கு, லீவில் இருப்பவரைக் கூப்பிடாதீர்கள். காலை ஆள் வரவில்லை என்றால் மாலை டூட்டியில் ஒருவரை பிரேக்குக்கு மாற்றுங்கள். காலைக்கு ஒருவர், மாலைக்கு ஒருவர், பிரேக்கில் இருவர்; நான்கே பேர்தான், ஆனால் இரு வேளையும் மூவர் இருப்பார்கள், யாருக்கும் கூடுதல் மணி நேரம் இல்லை. மாறியவர் பெயரில் நோட்டில் ஒரு பிரேக் ஏறும். வராதவர் காய்ச்சல், துக்கம் இல்லாமல் சொல்லாமல் நின்றிருந்தால், அந்த பிரேக்கை அவர் திரும்பிச் செய்ய வேண்டும். மாலை ஆள் வரமாட்டார் என்றால் காலை 10 மணிக்குள் தெரிய வேண்டும்; அப்போதுதான் காலை ஆளில் ஒருவரை 10.30க்கு அனுப்பி இரவுக்கு வரச்சொல்ல முடியும். ஒரே நாளில் இருவர் வராவிட்டால் நான் தட்டு எடுக்க இறங்கிவிடுவேன்.