கண்காட்சியில் வாங்கிய கார்டுகளை என்ன செய்வது?

கேள்வி: வணிகக் கண்காட்சியில் அரங்கு போட்டிருந்தோம். விசிட்டிங் கார்டுகள் நூற்றைம்பதுக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. நேற்றுதான் திரும்பினோம். எல்லோருக்கும் எங்கள் கேட்லாக்கை ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிடலாமா? அல்லது ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அரங்கில் நின்று பேசியவர்களை எல்லாம் இன்றே ஒரு மேசையைச் சுற்றி உட்கார வையுங்கள். ஒவ்வொரு கார்டாக எடுத்து, "இவர் என்ன கேட்டார்? நாம் என்ன தருவதாகச் சொன்னோம்?" என்று இரண்டே கேள்விகள் கேளுங்கள். பதிலைக் கார்டின் பின்புறம் எழுதுங்கள். இந்த வேலையை நாளைக்குத் தள்ளக்கூடாது. இன்னும் சில நாள் போனால் முகங்களும் பேச்சுகளும் ஒன்றோடொன்று கலந்து, கையில் வெறும் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும்.

எழுதி முடித்ததும் கார்டுகள் தாமாகவே பிரிந்துவிடும். விலை, மாதிரி, அளவு, விநியோக நாள் என்று குறிப்பாக ஏதாவது கேட்டவர்கள் ஒரு பக்கம். இவர்கள் எப்போதும் சிலராகத்தான் இருப்பார்கள். ஆர்வமாகப் பேசினாலும் உடனடித் தேவை எதுவும் சொல்லாதவர்கள் இன்னொரு பக்கம். மீதி, கார்டைப் போட்டுவிட்டுப் போனவர்கள், உங்களுக்கே பொருள் விற்க வந்தவர்கள், போட்டி நிறுவனத்தார். உங்கள் முதல் இரண்டு வேலை நாட்களும் முதல் பக்கத்தாருக்கு மட்டுமே உரியவை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நீங்கள் பொட்டலப் பைகள் தயாரிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். சலவைத்தூள் தயாரிக்கும் ஒருவர் வந்து ஜிப் வைத்த பையைத் திறந்து மூடிப் பார்க்கிறார். மழைக்காலத்தில் தூள் கட்டி தட்டுமா என்று கேட்கிறார். முதலில் 5,000 பைகள் போதும் என்கிறார். மாதிரி அனுப்புவதாக நீங்கள் சொல்கிறீர்கள். அவருக்குப் போக வேண்டிய மின்னஞ்சல் இப்படி இருக்கட்டும்:

"பொருள்: 1 கிலோ சலவைத்தூள் பை – நீங்கள் கேட்ட மாதிரிகள்

வணக்கம். கண்காட்சியின் இரண்டாம் நாள் எங்கள் அரங்கில் ஜிப் பையைப் பார்த்துவிட்டு, மழைக்காலத்தில் தூள் கட்டி தட்டுமா என்று கேட்டீர்கள். ஈரத்தைத் தடுக்கும் உள்படலம் கொண்ட 2 வகைப் பைகளை இன்று கூரியரில் அனுப்பியிருக்கிறோம். உங்கள் தூளை நிரப்பி வைத்துப் பாருங்கள். 5,000 பைகளுக்கு விலை சொல்ல ஒரே ஒரு விவரம் தேவை: அச்சில் எத்தனை நிறங்கள்?"

இதில் நிறுவன வரலாறு இல்லை, கேட்லாக் இல்லை. அவர் கேட்டதற்குப் பதில் இருக்கிறது, அவர் ஒரே வரியில் பதில் எழுதக்கூடிய கேள்வியும் இருக்கிறது. அந்தக் கேள்வி பேச்சை நீட்டுவதற்காகக் கேட்டதும் அல்ல. சிலிண்டர் முறையில் அச்சிட்டால் நிறத்துக்கு ஒரு சிலிண்டர் செய்ய வேண்டும். 5,000 பைகளுக்கு அந்தச் செலவு கட்டுமா, டிஜிட்டல் அச்சுக்குப் போகலாமா என்பதை அந்தப் பதில்தான் தீர்மானிக்கும். தொழில் தெரிந்தவர் இதைப் படித்ததும், எதிரில் இருப்பவருக்கும் தொழில் தெரியும் என்பதைப் புரிந்துகொள்வார்.

கேட்லாக்கை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதை நான் தடுப்பதற்குக் காரணம் உண்டு. பெரிய இணைப்போடு மொத்தமாகப் போகும் மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குள் விழ வாய்ப்பு அதிகம். விழாவிட்டாலும், அதே வாரத்தில் அதே கண்காட்சியிலிருந்து அவருக்கு வந்து குவியும் மற்ற கேட்லாக்குகளோடு அதுவும் ஒன்றாகிவிடும். சலவைத்தூள்காரர் தன் கேள்விக்கு அதில் பதில் தேடிக்கொண்டிருக்கமாட்டார்.

சொன்ன நாளில் விலை தயாராகவில்லையா? அதற்காக மௌனமாக இருக்காதீர்கள். "மூலப்பொருள் விலைக்காகக் காத்திருக்கிறோம், வியாழக்கிழமை அனுப்புகிறோம்" என்று எழுதி, வியாழக்கிழமையே அனுப்புங்கள். வாங்குபவர் உங்கள் விநியோக ஒழுங்கை இதை வைத்துத்தான் எடைபோடுவார்.

தொலைபேசியில் அழைப்பது அதற்கு அடுத்த படி. மின்னஞ்சல் போய் இரண்டு வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் கூப்பிடுங்கள். "மெயில் பார்த்தீர்களா?" என்று தொடங்கினால் "பார்க்கிறேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "மாதிரிப் பைகள் வந்து சேர்ந்தனவா, ஜிப் சரியாக மூடுகிறதா?" என்று கேளுங்கள். அரங்கில் அவரிடம் பேசியவரே அழைப்பது நல்லது. அதன் பிறகும் பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து இன்னொரு மடல் எழுதி, இப்போதைக்கு இந்த விசாரணையை மூடிவைக்கலாமா என்று நேரடியாகவே கேட்டுவிடுங்கள். வேலை நெருக்கடியில் பதில் எழுதாமல் இருந்தவர்கள் பலர் இதற்குப் பதில் எழுதுவார்கள். எழுதாதவரை மறுபடி தொந்தரவு செய்ய வேண்டாம்.

இரண்டாவது பக்கத்தாருக்கு, பேசிய விஷயத்தை நினைவுபடுத்தி மூன்று வரிகளில் ஒரு மடல் அந்த வாரத்துக்குள் போனால் போதும். மூன்றாவது குவியலைத் தொடர் மின்னஞ்சல் பட்டியலில் அப்படியே சேர்த்துவிடாதீர்கள். கார்டு கொடுத்தது அதற்கான சம்மதம் ஆகாது. முன் அனுமதி கேட்கும் சட்டம் உள்ள நாடுகளும் இருக்கின்றன. விருப்பமா என்று ஒருமுறை கேட்டு, ஆம் என்றவர்களை மட்டும் சேருங்கள்.