நாலாவது தண்ணீர் கேன் பிளான்ட்டுக்கு இடமிருக்கிறதா? கேள்வி பதில்

தேவகோட்டைக்காரர்: எங்கள் பக்கம் மூன்று தண்ணீர் கேன் பிளான்ட் ஓடுகிறது, மூன்றும் நல்ல லாபம். நாலாவதாக நான் இறங்கலாமா?

கணக்குப் போட வசதியாக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன், உங்கள் எண்ணை அப்புறம் போட்டுப் பாருங்கள். தவணை, வாடகை, சம்பளம், வண்டி எல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரு நாளைக்கு 4000 ரூபாய். அதற்கு மேல் கேனுக்கு 8 ரூபாய். 400 கேன் போட்டால் அடக்கம் 18 ரூபாய், 800 போட்டால் 13. அதோடு ஒரு ஆர்.ஓ. செட்டும் ஒரு வண்டியும் தாங்குவது முடிந்துவிடும். 1600 போட இன்னொரு செட், இன்னொரு வண்டி, இன்னொரு டிரைவர் வேண்டும், அடக்கம் அதே 13தான். ஆக 800க்கு மேல் போனால் அடக்கம் இறங்காது, அதுதான் இந்தத் தொழிலின் சிக்கன அளவு.

வண்டி போய்வரக் கட்டுப்படியாகும் தூரத்துக்குள் ஒரு நாளைக்கு 2400 கேன் விற்கிறது என்றால் மூன்று பேருக்குத்தான் இடம். கடைக்கு 15 ரூபாய்க்குப் போட்டால் ஆளுக்கு 1600 ரூபாய் மிச்சம், நீங்கள் பார்க்கிற லாபம் இதுதான். நீங்களும் இறங்கினால் ஆளுக்கு 600 கேன், அடக்கம் 14.67, நாள் முழுக்க உழைத்து 200 ரூபாய். யாராவது ஒருவர் 14க்கு இறக்கினால் நாலு பேருக்கும் நஷ்டம். நாலில் ஒருவர் போகும்வரை அது நிற்காது, புதுக்கடன் உள்ளவர்தான் முதலில் போவார். மூன்று பேர் லாபத்தில் இருப்பதை நாலாவது ஆளுக்கு இடமிருப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கணக்கர் ஒருவர்: இது நட்டமில்லாமல் நிற்கும் அளவுதானே? அதை நாங்கள் தினமும் போடுகிறோம்.

பாதி சரி. நீங்கள் போடுவது விலையோடு சேர்ந்த கணக்கு: 15 ரூபாய் விலையில் 572 கேன் போதும், 14 ஆனால் 667 வேண்டும். நான் சொல்லும் 800 விலை மாறினாலும் மாறாது, அது மெஷினும் வண்டியும் தீர்மானிப்பது. 600 கேனில் ஒருவர் நஷ்டமில்லாமல் இருக்கலாம், ஆனால் 800 போடுகிறவர் விலையை இறக்கினால் அவருக்குப் பாதுகாப்பு கிடையாது.

பள்ளத்தூர்க்காரர்: ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை மட்டும் எப்படி இத்தனை இருக்கிறது? குஜராத்தின் டைல்ஸ் ஊரான மோர்பியில் ஒரு பெரிய தொழிற்சாலை போட்டு எல்லாரையும் காலி பண்ணியிருக்க வேண்டாமா?

நல்ல கேள்வி. ஆத்தங்குடியில் ஒரு பட்டறைக்குள் நின்று பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம், அதற்குள் டிசைன் அச்சு, அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ண சிமெண்ட் கலவையைக் கையால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும், அதற்கு மேல் ஈரக் கலவை. பிறகு காயவைத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள், முகத்தின் மினுமினுப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. சூளை கிடையாது. இரண்டு மடங்கு வேண்டுமென்றால் இரண்டு மடங்கு ஆள், கண்ணாடி, தொட்டி, அவ்வளவுதான். அடக்கம் அநேகமாக இறங்காது. ஒரு குடும்பம் நாலு ஆளை வைத்து நடத்தினாலும் பெரிய பட்டறையோடு விலையில் நிற்கலாம்.

மோர்பியில் நிலைமை வேறு. ரோலர் சூளை நூறு மீட்டருக்கு மேல் நீளும், இரவு பகல் எரிய வேண்டும், அணைத்து ஏற்றினால் எரிவாயு வீண். அதனால் அங்கே சிக்கன அளவு மிகப் பெரிது. ஆனாலும் அங்கே ஒரே ஒரு தொழிற்சாலை இல்லை, நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, ஏனென்றால் அவர்கள் சந்தை இந்தியா முழுக்கவும் வெளிநாடும். தொழிற்சாலையின் அளவை மட்டும் பார்க்காதீர்கள், அது சந்தையில் எத்தனை பங்கு என்று பாருங்கள்.

டைல்ஸ் வியாபாரி: கையால் செய்வதில் பெரிசு சிறிசு இல்லை என்கிறீர்கள், தப்பு. ஆன்லைனில் ஆர்டர் பிடிப்பது, சென்னைக்கு உடையாமல் முழு லாரி அனுப்புவது, இதெல்லாம் பெரிய பட்டறைக்குத்தான் முடியும். சின்னவர்கள் இப்போதே எனக்குச் செய்து கொடுக்கிறார்கள்.

அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது விற்பனையின் சிக்கன அளவு, பட்டறையினுடையது இல்லை. அதனால்தான் வியாபாரி ஒருவர், பட்டறை பலர்.

டைல்ஸ் வியாபாரி: விலையை நான்தான் சொல்கிறேன் என்றால் பலர் இருந்து என்ன?

அதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. நாலைந்து பட்டறைகள் சேர்ந்து ஒரு லாரி பிடித்தால் உங்கள் பிடி தளருமா என்பது சேருகிறவர்களைப் பொறுத்தது.

இன்னொருவர்: ஆக, பெரிய கம்பெனிதான் கடைசியில் ஜெயிக்கும், சரியா?

இல்லை. கம்பெனியின் அளவு வேறு, பிளான்ட்டின் அளவு வேறு. பத்து பிளான்ட் வைத்திருப்பவருக்கு ஒரு கேனின் அடக்கம் அதே 13 ரூபாய்தான்.

மறுபடி ஒருவர்: பெரியவர்கள்தானே சார் நிலைப்பார்கள்?

மேலே சொல்லிவிட்டேன், படியுங்கள்.

கானாடுகாத்தான் மாணவி: யாருடைய கணக்குப் புத்தகமும் கிடைக்காதபோது சிக்கன அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

1958இல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் சொன்ன வழி: எந்த அளவுள்ள பிளான்ட்டுகளின் சந்தைப் பங்கு ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது, எந்த அளவு தேய்கிறது என்று பாருங்கள். தேய்கிற அளவு அடக்கத்தில் தோற்கிற அளவு. ஆனால் மானியத்தாலோ நல்ல இடத்தாலோ பிழைப்பவரும் அதில் கலந்துவிடுவார், அதைப் பிரித்துப் பாருங்கள்.

தேவகோட்டைக்காரர்: சரி, கடனுக்கு யாரைப் பார்ப்பது?

சிவகங்கை மாவட்டத் தொழில் மையம். போகும் முன் உங்கள் வட்டாரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை கேன் இறங்குகிறது என்று கடை கடையாக எண்ணிக்கொண்டு போங்கள்.